பக்கம் முழுக்கக் கோடு, பதில் மட்டும் கிடைக்கவில்லை

ஈரமை · ஜூன் 4, இரவு 10.15

பத்தியைப் படித்து விடையளிக்கும் பகுதியில்தான் எனக்கு மதிப்பெண் போகிறது. படிக்கும்போது புரியாமல் இல்லை. முக்கியம் என்று பட்டதையெல்லாம் அடிக்கோடு போட்டுக்கொண்டேதான் படிக்கிறேன். கேள்விக்கு வந்த பிறகு பார்த்தால் பக்கத்தில் பாதிக்குமேல் கோடு. எது எதற்குப் போட்டேன் என்றே தெரியவில்லை. திரும்ப முதலிலிருந்து படிக்கிறேன்.

கோடு போடுவதே வீண் வேலையா? இல்லை நான் போடும் விதம் தப்பா?

வேகநடை · ஜூன் 4, இரவு 10.40

விதம்தான் தப்பு. ஆண்டு, எண், பெயர் இவற்றை மட்டும் வட்டமிடு. கேள்விகளை முதலில் படித்துவிடு. அப்புறம் பத்தியில் அந்த ஆண்டையோ பெயரையோ கண்ணால் தேடிப் பிடி. முழுதாகப் படிக்கவே வேண்டாம். நான் அப்படித்தான் தேறினேன்.

நாலுவண்ணம் · ஜூன் 4, இரவு 11.05

நான் நான்கு நிற ஹைலைட்டர் வைத்திருக்கிறேன். வரையறைக்கு மஞ்சள், உதாரணத்துக்குப் பச்சை, விதிவிலக்குக்கு இளஞ்சிவப்பு, தேர்வில் ஏற்கெனவே வந்ததற்கு நீலம். மூன்றாவது முறை படிக்கும்போது நிறத்தைப் பார்த்தாலே பாடம் நினைவுக்கு வந்துவிடும். ஒரே சிக்கல், தாள் மெல்லிசாக இருந்தால் பின்பக்கம் ஊறிவிடும்.

ஈரமை · ஜூன் 4, இரவு 11.20

நாலுவண்ணம், நீங்கள் சொல்வது பாடப் புத்தகத்துக்கு. எனக்கு மூன்றாவது முறை கிடையாது. தெரியாத ஒரு பத்தி, கையில் ஒரு பேனா, அதிகம் போனால் பத்து நிமிடம்.

அரைத்தூக்கம் · ஜூன் 5, காலை 6.50

பெர்மா என்று ஒரு கணித மேதை 1637 வாக்கில் புத்தக ஓரத்தில், 'அருமையான நிரூபணம் ஒன்று கண்டேன், எழுத இந்த ஓரம் போதவில்லை' என்று குறித்துவிட்டுப் போய்விட்டார். மற்றவர்களுக்கு 350 ஆண்டுக்குமேல் தலைவலி. ஓரக்குறிப்பு எழுதினால் முழுதாக எழுதுங்கள்.

பழைய சிலேட்டு · ஜூன் 5, காலை 9.30

இல்லை, முழுதாக எழுதக் கூடாது. அங்கேதான் எல்லாரும் சறுக்குகிறார்கள்.

தம்பி ஈரமை, வினாத்தாளிலேயே பத்தியும் இருக்கும் தேர்வுகளில் பல வருடம் தாள் திருத்தியிருக்கிறேன். வினாத்தாளோடு விடைத்தாளும் சேர்ந்து வரும்போது பிள்ளைகள் போட்ட கோடுகளையும் பார்ப்பேன். நிறையக் கோடு போட்டவர்கள் நிறைய மதிப்பெண் வாங்குகிறார்கள் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. வாங்கியவர்களின் தாளில் கோடு குறைவாகவும் ஓரத்தில் ஒன்றிரண்டு சொல்லும் இருக்கும்.

முக்கியமானதைக் குறிப்பது நம் வேலையே அல்ல. எது முக்கியம் என்று கேள்வி சொல்லப்போகிறது. திரும்பி வரும்போது எங்கே பார்க்கவேண்டும் என்று தெரிந்தால் போதும். அதனால், பத்தி எங்கே திரும்புகிறது, எந்தக் கருத்து யாருடையது, 'அது' 'இது' என்பது எதைக் காட்டுகிறது, இந்த மூன்றுக்கும் மட்டும் பேனாவை எடு.

வேகநடை · ஜூன் 5, காலை 9.48

ஆண்டும் பெயரும் வேண்டாம் என்கிறீர்களா?

பழைய சிலேட்டு · ஜூன் 5, காலை 10.10

வட்டமிடலாம், கெடுதல் இல்லை. ஆனால் எண்கள் வட்டமிடாமலே கண்ணில் படும். எழுத்துக் கூட்டத்துக்கு நடுவே இலக்கம் தானாகத் துருத்திக்கொண்டு நிற்குமே. கண்ணில் படாததற்குத்தான் குறி வேண்டும். 'எனினும்' கண்ணில் படாது. 'என்பர்' படவே படாது.

ஈரமை · ஜூன் 5, மதியம் 1.15

ஒரு பத்தி கொடுத்து எப்படிக் குறிப்பது என்று காட்டமுடியுமா, அக்கா? (அக்கா என்று கூப்பிடலாம்தானே?)

பழைய சிலேட்டு · ஜூன் 5, இரவு 8.00

அக்கா, அத்தை, எது வேண்டுமானாலும். வகுப்புக்கு நான் எழுதிவைத்த பத்தி ஒன்று இருக்கிறது. முதலில் உன் வழக்கப்படியே குறித்து, விடை எழுதிப் போடு. நான் அப்புறம் வருகிறேன்.

> நெடுங்கடல் பயணங்களில் மாலுமிகளைப் பெருமளவில் கொன்ற நோய் ஸ்கர்வி. ஈறு வீங்கும், பல் ஆடும், ஆறிய காயங்கள்கூட மறுபடி திறக்கும். ஈரக் காற்றும் நெருக்கடியான கப்பல் வாழ்வுமே இதற்குக் காரணம் என்று அன்றைய மருத்துவர்கள் பலர் கருதினர்.
>
> 1747இல் சாலிஸ்பரி என்ற போர்க்கப்பலில் மருத்துவராக இருந்த ஜேம்ஸ் லிண்ட், நோயுற்ற 12 பேரை இருவர் இருவராகப் பிரித்து, ஒவ்வோர் இணைக்கும் ஒவ்வொன்று கொடுத்துப் பார்த்தார். காடி ஓர் இணைக்கு, கடல்நீர் ஓர் இணைக்கு, ஆரஞ்சும் எலுமிச்சையும் ஓர் இணைக்கு. பழங்கள் ஆறு நாளில் தீர்ந்துவிட்டன. இருந்தும் அவற்றை உண்ட ஒருவர் வேலைக்குத் திரும்பினார். மற்றவர் பிற நோயாளிகளைக் கவனிக்கும் அளவுக்குத் தேறினார்.
>
> லிண்ட் தம் நூலை 1753இல் வெளியிட்டார். எனினும் பிரிட்டிஷ் கடற்படை எலுமிச்சைச் சாற்றை முறையாக வழங்க முன்வந்தது 1795இல்தான். அதிகாரிகளின் அலட்சியமே இத்தாமதத்துக்குக் காரணம் என்று சொல்வதுண்டு. அது முழு உண்மையல்ல. லிண்டே தம் சோதனையைப் பெரிய நூலின் நடுவே சில பத்திகளில் அடக்கிவிட்டார். ஈரக் காற்று பற்றிய பழைய கருத்தையும் அவர் விடவில்லை. மேலும், சாறு நெடுநாள் கெடாமலிருக்க அதைச் சூடாக்கி வற்றவைக்குமாறு பரிந்துரைத்தார். அதில் அதன் வலிமை பெரிதும் போய்விட்டது.
>
> நோயைத் தீர்க்கும் பொருள் வைட்டமின் சி என்பது 1930களில்தான் தெளிவானது. மருந்து அதற்கு வெகுகாலம் முன்பே கையில் இருந்தது. இல்லாதது காரணம் பற்றிய அறிவு.

கேள்விகள் நான்கு. ஒன்று, சாறு வழங்கத் தாமதமானதற்கு ஆசிரியர் முன்வைக்கும் காரணங்கள் எவை? இரண்டு, சோதனைக்கும் சாறு வழங்கத் தொடங்கியதற்கும் இடையே எத்தனை ஆண்டுகள்? மூன்று, 'அதில் அதன் வலிமை' என்ற இடத்தில் 'அதில்', 'அதன்' எவற்றைக் குறிக்கின்றன? நான்கு, பொருத்தமான தலைப்பு தருக.

ஈரமை · ஜூன் 5, இரவு 9.25

எழுதிவிட்டேன். 1) அதிகாரிகளின் அலட்சியம், சாற்றைச் சூடாக்கியது. 2) 42. 3) இரண்டும் சாற்றைக் குறிக்கின்றன. 4) ஸ்கர்வி நோய்.

கோடு எங்கே போட்டேன் என்றும் சொல்லிவிடுகிறேன். முதல் பத்தி முழுவதும். இரண்டாவதில் 1747, லிண்ட், 12 பேர், எல்லா மருந்தும். மூன்றாவதில் 'அதிகாரிகளின் அலட்சியமே இத்தாமதத்துக்குக் காரணம்' இரட்டைக்கோடு. 'காரணம்' என்ற சொல்லைப் பார்த்ததும் கை தானாகப் போய்விட்டது.

அரைத்தூக்கம் · ஜூன் 5, இரவு 9.40

நானும் 42தான். துணைக்கு ஆள் இருக்கிறது.

வேகநடை · ஜூன் 5, இரவு 9.52

48. சோதனை 1747, வழங்கியது 1795. நான்கு ஆண்டுகளையும் வட்டமிட்டிருந்தேன், பார்த்தாயா?

ஈரமை · ஜூன் 5, இரவு 9.58

நானும்தான் கோடு போட்டிருந்தேன். பக்கத்தில் பக்கத்தில் இருந்த இரண்டைக் கழித்துவிட்டேன்.

பழைய சிலேட்டு · ஜூன் 6, காலை 7.20

சரி, வரிசையாகப் பார்ப்போம்.

தம்பி இரட்டைக்கோடு போட்ட வாக்கியத்தை எடுத்துக்கொள். 'அதிகாரிகளின் அலட்சியமே இத்தாமதத்துக்குக் காரணம்' வரைக்கும் வந்து பேனா நின்றுவிட்டது. ஆனால் வாக்கியம் அங்கே முடியவில்லை. 'என்று சொல்வதுண்டு' என்று முடிகிறது. அதாவது இது ஆசிரியர் சொல்வதல்ல, யாரோ சொல்வது. தமிழில் பெரும்பாலும் கருத்து முதலில் வரும், அதைச் சொன்னது யார் என்பது கடைசியில் வரும். 'என்று கருதினர்', 'என்பர்', 'என்பது ஒரு சாரார் வாதம்', எல்லாம் வால்பக்கம். மறுப்பும் அப்படித்தான். 'அல்ல', 'இல்லை', 'என்பதற்கில்லை' எல்லாம் முற்றுப்புள்ளியை ஒட்டி உட்கார்ந்திருக்கும். படித்துக்கொண்டே கோடு போட்டால் தலையைக் குறித்து வாலை விட்டுவிடுவோம். பிறகு விடை தேடி வரும்போது கோடு போட்ட பகுதியை மட்டும் படிப்பதால், அடுத்தவர் கருத்து ஆசிரியர் கருத்தாகிவிடும்.

அதனால் நான் பிள்ளைகளிடம் சொல்வது ஒன்றுதான். முற்றுப்புள்ளியைப் பார்க்காமல் பேனா தாளைத் தொடக் கூடாது. இன்னும் நல்லது, ஒரு பத்தி முடியும்வரை தொடாமல் இருப்பது.

இனி என் குறிகள். மூன்றாம் பத்தியை மட்டும் சொல்கிறேன், அங்கேதான் சரக்கு இருக்கிறது. 'எனினும்' என்பதைச் சுற்றி வட்டம். 'சொல்வதுண்டு' என்பதன் கீழே சின்னக் கோடு, ஓரத்தில் 'பி'. பிறர் என்று அர்த்தம். 'முழு உண்மையல்ல' கீழே கோடு, ஓரத்தில் 'ஆ', ஆசிரியர். 'மேலும்' வட்டம். 'அடக்கிவிட்டார்' மேலே 1, 'விடவில்லை' மேலே 2, 'வற்றவைக்குமாறு' மேலே 3. கடைசி வாக்கியத்தில் 'அதன்' என்பதிலிருந்து 'சாறு' என்ற சொல்லுக்கு அம்பு, 'அதில்' என்பதிலிருந்து 'வற்றவைக்குமாறு' என்பதற்கு இன்னோர் அம்பு. சூடாக்கி வற்றவைத்ததில் சாற்றின் வலிமை போயிற்று என்று மூன்றாம் கேள்விக்கு விடை அங்கேயே வரைந்தாகிவிட்டது. ஓரத்தில் மொத்தக் குறிப்பு: 'ஏன் தாமதம்'. இரண்டே சொல். காரணங்களை எழுதவில்லை, அவை பத்தியிலேயே இருக்கின்றன. காரணம் கேட்டால் இங்கே வா என்பதற்கான பலகை அது.

மற்ற பத்திகளுக்கு ஓரத்தில் ஒவ்வொன்று: 'நோய், பழைய கருத்து', 'சோதனை', 'மருந்து உண்டு, அறிவு இல்லை'. முதல் பத்தியில் 'கருதினர்' பக்கத்தில் ஒரு 'பி'. இரண்டாவதில் 'இருந்தும்' வட்டம். அவ்வளவுதான்.

தலைப்பு இந்த நான்கு ஓரக்குறிப்புகளைச் சேர்த்துப் படித்தாலே வரும். 'ஸ்கர்வி நோய்' என்றால் முதல் பத்திக்கு மட்டும் பொருந்தும். 'கையில் இருந்தும் எட்டாத மருந்து' என்பதுபோல ஏதாவது வரவேண்டும்.

பூந்தொட்டி · ஜூன் 6, காலை 10.05

என் மகள் எட்டாவது படிக்கிறாள். ஸ்கேல் வைத்துக் கோடு போடுவாள். பத்தி படிப்பதைவிடக் கோடு நேராக வருகிறதா என்பதில்தான் கவனம். பென்சிலைச் சீவிவிட்டு வந்து மறுபடி ஸ்கேல். இதை எப்படி நிறுத்துவது?

பழைய சிலேட்டு · ஜூன் 6, காலை 10.30

ஸ்கேலை வாங்கி வைத்துவிடுங்கள். திட்டவேண்டாம். ஒரு பத்திக்கு அதிகபட்சம் மூன்று கோடு, மீதியெல்லாம் வட்டமும் ஓரச்சொல்லும் என்று கணக்குச் சொல்லுங்கள். மூன்றுதான் என்றால் எதற்குப் போடுவது என்று யோசிக்க ஆரம்பித்துவிடுவாள்.

திரைமுன் · ஜூன் 6, மதியம் 2.40

படிக்க நன்றாக இருக்கிறது. என் தேர்வு கணினியில். திரையில் எதைக் கிறுக்குவது? கூடவே ஒரு கேள்வி. 2013இல் டன்லாஸ்கி என்பவரும் உடன் ஆய்ந்தவர்களும் பத்துப் படிப்பு முறைகளை எடைபோட்டார்கள். அடிக்கோடிடுதல் குறைந்த பயன் உள்ளவற்றில்தான் போய் உட்கார்ந்தது. ஊகித்து விடை சொல்லும் கேள்விகளுக்குக் கெடுதலாகக்கூட முடியலாம் என்றார்கள். அப்புறம் எதற்கு இவ்வளவு குறி?

நாலுவண்ணம் · ஜூன் 6, மதியம் 3.00

என் நான்கு நிறமும் வீணா?

பழைய சிலேட்டு · ஜூன் 6, மாலை 5.15

நல்ல கேள்வி. அந்த ஆய்வு எடைபோட்டது பாடத்தைப் படித்து, புத்தகத்தை மூடிவிட்டு, பிறகு நினைவிலிருந்து எழுதுவதற்கு. நினைவில் நிறுத்துவதற்கு வெறும் கோடு உதவாது என்பதை நானும் ஒத்துக்கொள்கிறேன். தன்னையே கேள்வி கேட்டுப் பார்ப்பதுதான் அங்கே மேல். நாலுவண்ணத்துக்கு அது பொருந்தும், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இங்கே பத்தி கண் முன்னாலேயே இருக்கிறது. நினைவில் எதையும் நிறுத்தவேண்டாம், இடம் தெரிந்தால் போதும். ஊகக் கேள்விக்குக் கெடுதல் என்பதை மட்டும் நான் தள்ளமாட்டேன். துண்டு துண்டாகக் கோடு போட்டால் கண் துண்டுகளை மட்டுமே பார்க்கும், அவற்றுக்கு நடுவே ஓடும் தொடர்பைப் பார்க்காது. அதனால்தான் நான் தகவலைவிட இணைப்புச் சொற்களையே அதிகம் குறிக்கச் சொல்கிறேன்.

திரைக்கு எனக்கு நல்ல வழி தெரியாது. கிறுக்க வெற்றுத்தாள் தருவார்கள் என்றால் பத்திக்கு ஒரு வரி என்று ஓரக்குறிப்புகளை மட்டும் அதில் எழுது. அம்பும் வட்டமும் போய்விடும்.

திரைமுன் · ஜூன் 6, இரவு 8.20

வெற்றுத்தாள் உண்டு. அதில் 1, 2, 3, 4 என்று பத்தி எண் போட்டு எதிரில் இரண்டு சொல் எழுதிப் பார்த்தேன். பத்தியைக் கண்டுபிடிக்க உதவுகிறது. 'பி', 'ஆ' போடும்போது எந்த வாக்கியம் என்று தெரியவில்லை. '3 நடு: பி, ஆ' என்று எழுதினேன். சுமார்தான்.

வேகநடை · ஜூன் 6, இரவு 9.10

ஒரு சந்தேகம். 'அது முழு உண்மையல்ல' என்றுதானே இருக்கிறது? பொய் என்று சொல்லவில்லையே. முழு உண்மை இல்லை என்றால் பாதி உண்மை. அப்படியானால் அலட்சியமும் ஒரு காரணம்தான். ஈரமை எழுதியதில் பாதி சரி.

ஈரமை · ஜூன் 6, இரவு 9.14

என் வக்கீல்!

பழைய சிலேட்டு · ஜூன் 7, காலை 6.45

ராத்திரி படித்தேன், பதில் எழுதாமல் படுத்துவிட்டேன். யோசிக்கவேண்டியிருந்தது.

வேகநடை சொல்வதில் விஷயம் இருக்கிறது. 'முழு' என்ற சொல்லை நான் கோட்டுக்குள் சேர்த்தேனே தவிர, அதன் எடையைக் குறிக்கவில்லை. ஆசிரியர் அலட்சியத்தை ஒதுக்கிவிடவில்லை, போதாது என்கிறார். ஆனால் கேள்வி 'ஆசிரியர் முன்வைக்கும் காரணங்கள்' என்று கேட்கிறது. முன்வைப்பது லிண்ட் பக்கத்துக் காரணங்களை. அலட்சியத்தை மட்டும் எழுதியிருந்தால் மதிப்பெண் கொடுக்கமாட்டேன். மற்றவற்றோடு சேர்த்து, 'அலட்சியம் மட்டுமல்லாமல்' என்று தொடங்கியிருந்தால் முழு மதிப்பெண். இன்னொருவர் திருத்தினால் எப்படிப் போடுவார் என்று சொல்லமுடியாது.

இனி 'முழு', 'மட்டும்', 'பெரும்பாலும்', 'சில' போன்ற அளவுச் சொற்களுக்குச் சின்னச் சதுரம் போடலாம் என்று நினைக்கிறேன். வட்டத்தோடு குழம்பாமல் இருக்கும்.

அரைத்தூக்கம் · ஜூன் 7, காலை 8.00

வட்டம், சதுரம், அம்பு, பி, ஆ, 1, 2, 3. தேர்வு எழுதப் போகிறோமா, வீட்டுக்கு வரைபடம் போடப் போகிறோமா?

பழைய சிலேட்டு · ஜூன் 7, காலை 8.25

கேலி நியாயம்தான். குறிகள் ஐந்தைத் தாண்டினால் அவற்றை நினைவு வைப்பதே தனி வேலையாகிவிடும். முன்பு நான் உடுக்குறி, ஆச்சரியக்குறி, கேள்விக்குறி எல்லாம் சொல்லிக்கொடுத்தேன். பிள்ளைகள் உடுக்குறியை அழகாகப் போட்டுவிட்டு எதற்குப் போட்டோம் என்று என்னையே கேட்டார்கள். உடுக்குறியை அதோடு விட்டேன். கேள்விக்குறி ஒன்று மட்டும் உண்டு. புரியாத இடத்தில் போட்டுவிட்டுத் தாண்டிப் போவதற்கு. அங்கே நின்று மல்லுக்கட்டினால் நேரம் போய்விடும்.

ஈரமை · ஜூன் 9, இரவு 10.30

இரண்டு நாள் பழகிப் பார்த்தேன். வேறு ஒரு புத்தகத்திலிருந்து ஆறு பத்திகள்.

முதல் இரண்டும் கஷ்டம். பத்தி முடியும்வரை பேனாவைத் தொடாமல் இருப்பது எனக்கு மூச்சை அடக்குவதுபோல இருந்தது. பேனாவை மூடியோடு பிடித்துக்கொண்டு படித்தேன். மூடியைக் கழற்றவேண்டும் என்றாலே கொஞ்சம் தயக்கம் வருகிறது. அந்தத் தயக்கம் போதும்.

மூன்றாவது பத்தியில் வேறு ஒரு தப்பு. ஓரக்குறிப்பை நீளமாக எழுத ஆரம்பித்துவிட்டேன். 'மரங்கள் வெட்டப்படுவதால் மண் அரிப்பு ஏற்படுகிறது' என்று பத்தியில் இருந்ததையே திரும்ப எழுதியிருக்கிறேன். விடை எழுதும்போது பத்தியைப் பார்க்காமல் என் குறிப்பையே நகலெடுத்தேன். பத்தியில் 'சரிவுகளில்' என்று இருந்தது, என் குறிப்பில் இல்லை. ஒரு மதிப்பெண் அங்கே போயிருக்கும். அக்கா சொன்ன பலகை என்பது அப்போதுதான் உறைத்தது.

நான்காவதில் எல்லா விடையும் சரி. கோடு மொத்தம் ஐந்து.

வேகநடை · ஜூன் 9, இரவு 10.45

கேள்வியை முதலில் படித்தாயா, பத்தியையா?

ஈரமை · ஜூன் 9, இரவு 11.00

மூன்றில் அப்படி, மூன்றில் இப்படி. கேள்வியை முதலில் படித்தபோது சீக்கிரம் முடிந்தது. ஆனால் ஒரு பத்தியில் கேள்வியில் வந்த சொல்லையே தேடிக்கொண்டு போய், அது வந்த முதல் இடத்திலேயே நின்றுவிட்டேன். விடை இரண்டு வாக்கியம் தள்ளி, 'ஆயினும்' தாண்டி இருந்தது. தலைப்புக் கேள்வியிலும் கோட்டைவிட்டேன்.

பழைய சிலேட்டு · ஜூன் 10, காலை 7.10

எனக்கும் வேகநடைக்கும் இதில் ஒத்துப்போகாது. நான் பத்தி முதலில் என்பேன். நேரம் மிகக் குறைவாக இருந்து, கேள்விகள் எல்லாம் தகவல் கேள்விகளாக இருந்தால் அவர் வழி வேகம்தான். நடுவழி ஒன்று உண்டு. கேள்விகளைப் படிக்காமல் ஒருமுறை கண்ணை ஓட்டி, என்ன வகை என்று மட்டும் பார். காரணமா, சுட்டுச்சொல்லா, தலைப்பா. சுட்டுச்சொல் கேள்வி இருக்கிறது என்று தெரிந்தால் அம்பைக் கவனமாகப் போடுவாய். இல்லையென்றால் அம்பே வேண்டாம்.

வேகநடை · ஜூன் 10, காலை 7.30

கண்ணை ஓட்டினாலே கேள்வியைப் படித்ததாகத்தானே அர்த்தம்? சரி சரி, விட்டுவிடுகிறேன்.

பூந்தொட்டி · ஜூன் 11, மாலை 6.20

ஸ்கேல் போய்விட்டது. மூன்று கோடு என்றேன். இப்போது மூன்று கோடுகளையும் மிக நீளமாகப் போடுகிறாள். ஒரு கோடு நான்கு வரி.

பழைய சிலேட்டு · ஜூன் 11, மாலை 6.50

சிரித்துவிட்டேன். பிள்ளை புத்திசாலி. ஒரு கோட்டுக்கு நான்கு சொல் என்று சட்டத்தைத் திருத்துங்கள்.

நாலுவண்ணம் · ஜூன் 12, இரவு 9.00

'பி', 'ஆ' என் பாடப் புத்தகத்தில் போட்டுப் பார்த்தேன். ஒரு அத்தியாயத்தில் நான் மஞ்சளடித்து மனப்பாடம் செய்த வரையறைகளில் இரண்டு, ஆசிரியர் மறுப்பதற்காக எடுத்துக்காட்டியவை. இரண்டு வருடமாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

திரைமுன் · ஜூன் 12, இரவு 9.30

அடடா.

ஈரமை · ஜூன் 14, இரவு 10.05

இன்று ஒரு மாதிரித் தேர்வு. நேரம் வைத்து எழுதினேன். பத்திப் பகுதியில் கேள்வி ஐந்தில் நான்கு சரி. குறித்து முடிந்ததும் அக்கா சொல்லாத ஒன்றைச் செய்தேன். பத்தியின் மேல் ஒரு தாளை வைத்து மறைத்து, ஓரத்தை மட்டும் படித்தேன். நான்கு பலகைகளில் மூன்றைப் பார்த்ததும் அந்தப் பத்தி எதைச் செய்கிறது என்று சொல்லமுடிந்தது. நான்காவதில் 'விளைவு' என்று மட்டும் எழுதியிருந்தேன். எதன் விளைவு என்று எனக்கே தெரியவில்லை. தப்பான கேள்வி அந்தப் பத்தியிலிருந்துதான்.

ஒரு சந்தேகம் மட்டும் மீதி. அந்தப் பத்தியில் 'இவை' என்ற சொல்லுக்கு முன்னால் இரண்டு பன்மைகள் இருந்தன, இரண்டுக்கும் பொருந்தியது. இரண்டுக்கும் அம்பு போட்டு நடுவில் கேள்விக்குறி வைத்தேன். விடைக்குறிப்பில் முதலாவது என்கிறார்கள். நான் இப்போதும் இரண்டாவது என்றுதான் நினைக்கிறேன். பத்தியை நாளை தட்டச்சு செய்து போடுகிறேன், பாருங்கள் அக்கா.

பழைய சிலேட்டு · ஜூன் 14, இரவு 10.20

முன் வாக்கியத்தையும் சேர்த்துப் போடு. வினைமுற்று எதனோடு போகிறது என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.